மண்வாசனை என்று எழுதி மாட்டிக்கொண்ட அயிரை மீன் குழம்பு

மதுரையில் என் மாமாவும் அத்தையும் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறார்கள். மதியச் சாப்பாடு மட்டும்தான். ஒரு பந்திக்கு 24 பேர் உட்காரலாம். புதன்கிழமை என்றால் அயிரை மீன் குழம்பு, வெள்ளிக்கிழமை என்றால் சைவத்தில் ஏதாவது ஒன்று, ஞாயிறு கறி. தினமும் காலையில் மாமா வாட்ஸ்அப்பில் அன்றைய ஸ்பெஷலைப் போடுவார். நான் அச்சகத்தில் டிடிபி வேலை பார்ப்பவள். கல்யாணப் பத்திரிகையும் கடைத் திறப்பு நோட்டீஸும் அடித்து அடித்துக் கை பழகியிருந்ததால், "பாப்பா, நம்ம மெசேஜையும் கொஞ்சம் நல்லா எழுதிக் குடேன்" என்று ஒரு நாள் கேட்டார். அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் சரி என்றேன். இரண்டு மாதம் இழுத்தது.

மாமா அதுவரை போட்டுக்கொண்டிருந்தது இதுதான்:

"இனிய காலை வணக்கம். அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! இன்றைய ஸ்பெஷல் சுவையான அயிரை மீன் குழம்பு. பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட ருசியான, தரமான உணவு. வாருங்கள்! சுவையுங்கள்! மகிழுங்கள்!"

கூடவே ஒரு ரோஜாப் பூ, கும்பிடும் கை இரண்டு. இணையத்தில் எடுத்த ஒரு மீன் குழம்புப் படம். அந்தப் படத்தில் இருந்தது பெரிய பெரிய துண்டு மீன். அயிரையோ சுண்டுவிரல் நீளம்கூடத் தேறாது. "படத்துல துண்டு மீன் இருக்கு, இங்க பொடி மீனா இருக்கே" என்று ஒருவர் பந்தியிலேயே கேட்டிருக்கிறார். படத்தை அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன். அத்தையின் சட்டியையே போனில் எடுத்துப் போட்டால் போதும். வெளிச்சம் சரியில்லாவிட்டாலும் அது நம் குழம்பு.

எழுத்துக்கு வருகிறேன்.

எழுதுகிறேன் என்று உட்கார்ந்து முதலில் நான் செய்தது பெரிய தப்பு. 'சுவையான' என்ற சொல் சப்பென்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதைவிடப் பெரிய சொல்லைப் போட்டேன். "வைகைக் கரையின் மண்வாசனையைச் சுமந்து வரும் அயிரை, அத்தையின் கைப்பக்குவத்தில் நாவில் நர்த்தனமாடும் நாள் இன்று!" பத்திரிகை அடிக்கிற பழக்கம் வேறு, 'நாவில் நர்த்தனம்' என்று மோனையெல்லாம் தானாக வந்து விழுந்தது. மாமாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அனுப்பி ஐந்து நிமிடத்தில் ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டார். "என்னண்ணே, மண்வாசனைன்னு போட்டிருக்கீங்க. சரியாக் கழுவலையா?"

அயிரை சாப்பிடுகிறவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். அயிரை கண்மாயிலும் ஆற்றுப்படுகையிலும் சேற்றோடு சேர்ந்து வாழ்கிற மீன். வயிற்றில் மண் இருக்கும். கழுவல் சரியில்லை என்றால் முதல் கவளத்திலேயே பல்லில் நறநறவென்று கடிபடும், அப்புறம் அந்தக் குழம்பை யாரும் தொடமாட்டார்கள். அயிரை வாங்குகிறவர் மனதில் இருக்கிற ஒரே பயம் மண். அந்தப் பயத்தையே நான் முதல் வரியில் அலங்காரமாகப் போட்டிருக்கிறேன்!

அந்தப் போனுக்குப் பிறகுதான் சமையலறைக்குள் போய் நின்றேன். அடுத்த புதன்கிழமை காலை ஆறரைக்கே போய்விட்டேன். அத்தை பேசிக்கொண்டே வேலை செய்வார், நான் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தேன்.

மீன் உயிரோடு வந்தது. தூக்குவாளித் தண்ணீரில் நெளிந்துகொண்டிருந்தது. செத்த அயிரையை அத்தை வாங்குவதில்லை. சீக்கிரம் வயிறு நைந்துவிடும், கழுவும்போதே உடையும். தண்ணீரை வடித்துவிட்டுத் தேங்காய்ப் பாலில் விட்டார். அதில் கிடக்கும்போது மீன் வயிற்றில் இருப்பதைக் கக்கிவிடும் என்பது அவர் மாமியார் சொல்லிக் கொடுத்தது. அப்புறம் உட்புறம் சொரசொரப்பாக இருக்கிற மண்சட்டியில் போட்டு, கல்லுப்பு ஒரு கை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் சட்டியோடு சேர்த்து உரசினார். நுரை நுரையாக வழவழப்பு கழன்று வந்தது. ஊற்றி, அலசி, மறுபடி உப்பு. எண்ணினேன், ஏழு தண்ணீர். ஏழாவது தண்ணீர் குழாய்த் தண்ணீர் மாதிரியே இருந்தது. தலையை எடுப்பதில்லை, வயிற்றைக் கீறுவதும் இல்லை. அவ்வளவு பொடி மீனில் அதற்கு வழியும் இல்லை.

குழம்பைத் தனியாகக் கொதிக்க விட்டார். நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, புளிக்கரைசலும் மிளகாய்த்தூள் மல்லித்தூளும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே வருகிற வரைக்கும். மீனைப் போட்டது கடைசியில்தான். போட்ட பிறகு ஐந்து நிமிடம்கூட அடுப்பில் இல்லை, கரண்டியும் போடவில்லை. சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி இறக்கிவிட்டார். "கரண்டி போட்டா கூழாயிரும்டி. அப்புறம் அது அயிரைக் குழம்பில்ல, அயிரைத் தொவையல்."

எனக்கு வேண்டியது அத்தனையும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. இப்படி ஒருத்தர் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் 'பாரம்பரிய முறையில்' என்று எழுத மனம் வந்திருக்காது. அடுப்படிக்குப் போய்க் கேட்காத ஒரு விவரத்தின் இடத்தில்தான் அந்த மாதிரிச் சொற்கள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் அவற்றைக் கேள்வியாக மாற்றிப் பார்க்கப் பழகினேன். 'ஃப்ரெஷ்' என்று எழுதத் தோன்றினால், எத்தனை மணிக்கு வாங்கியது? 'வீட்டு முறை' என்றால், வீட்டில் செய்வதைக் கடையில் பொதுவாக எங்கே விட்டுவிடுவார்கள், நாம் எதை விடவில்லை? 'காரசாரமான' என்றால், மிளகாயா மிளகா, ஐந்து வயதுப் பிள்ளை சாப்பிடுமா? பதில் கிடைத்தால் பதிலை எழுது. கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லையும் எழுதாதே.

எல்லா அடைமொழியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 'சுவையற்ற குழம்பு' என்று எந்தக் கடைக்காரரும் போர்டு வைக்கப்போவதில்லை. ஆகவே 'சுவையான' என்பதில் செய்தி எதுவும் இல்லை. ஆனால் கெட்டியான குழம்பும் உண்டு, நீர்க்க இருக்கிற குழம்பும் உண்டு, இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். 'கெட்டி' என்றால் வாசிக்கிறவர் சோற்றில் அது எப்படி நிற்கும் என்று பார்த்துக்கொள்வார். எதிர்ச்சொல்லையும் ஒரு சமையல்காரர் பெருமையாகச் சொல்ல முடியுமா என்று பார்ப்பேன். முடியும் என்றால் அந்தச் சொல்லை வைத்துக்கொள்வேன். இன்னொன்று, பக்கத்துத் தெரு மெஸ்ஸும் நம் வரியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் அந்த வரி நமக்கு எதற்கு?

இரண்டாவது முறை எழுதியபோது மறுபக்கம் சாய்ந்துவிட்டேன். பார்த்தது அத்தனையையும் கொட்டினேன். வெந்தயம் பொரிந்தது, துணியால் சட்டியைப் பிடித்தது, மாமியார் சொல்லிக் கொடுத்தது, எல்லாம். போனில் பாதிக்கு மேல் 'மேலும் படிக்க' என்பதற்குக் கீழே போய்விட்டது. கீழே போனதில்தான் விலை இருந்தது. மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இத வச்சு அவுக சமைக்கப் போறாகளா, சாப்பிட வரப் போறாகளா?"

நியாயமான கேள்வி. சமையல் குறிப்பில் எல்லாப் படியும் வேண்டும். ஸ்பெஷல் போஸ்டில், வாங்குகிறவர் முடிவெடுக்க உதவுகிற படி மட்டும் போதும். எது அது என்று நாமாக யோசித்தால் நமக்குப் பிடித்ததைத்தான் எடுப்போம். எனக்குப் பிடித்தது துணியால் சட்டியைச் சுழற்றுவது. வாங்குகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால் கல்லாவில் போனுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். யார் கூப்பிட்டு என்ன கேட்டாலும் நாலு வார்த்தையில் எழுதி வையுங்கள் மாமா என்றேன். முனகிக்கொண்டே எழுதினார். ஒரு வாரம் கழித்து அட்டையைப் பார்த்தால் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப. எவ்வளவு? இருக்கா, தீர்ந்துருச்சா? எத்தனை மணி வரைக்கும்? ஒரு கப் எத்தனை பேருக்கு வரும்? பார்சல் உண்டா? சாப்பாட்டோட சேர்த்தா, தனியா? மண் கடிக்காதுல்ல? முள் எடுத்துத் தருவீங்களா?

அந்தக் கடைசிக் கேள்வி வெளியூரிலிருந்து வந்து மதுரையில் வேலை பார்க்கிறவர்களுடையது. அவர்களில் ஒருவர் முன்பு ஒரு கப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, தலையும் குடலும் எடுக்காமல் போட்டிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்மேல் தப்பில்லை. அயிரையை முழுசாகத்தான் சாப்பிடுவார்கள், முள் அவ்வளவு பொடி, தனியாகத் தெரியாது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மாமா இதைப் போஸ்டில் போடத் தயங்கினார். "தலையோடன்னு போட்டா பாதிப் பேரு வரமாட்டான்." வராத அந்தப் பாதிப் பேர், வந்திருந்தால் கப்பைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்றேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார். கடையில் ஒரு கப் திரும்பினால் அந்தக் குழம்பு வீண், பக்கத்து இலைக்காரரின் பசியும் கொஞ்சம் வீண்.

அட்டையில் இருந்த கேள்விகளை ஒரு பக்கமும், நான் சமையலறையில் கிறுக்கியதை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை எழுதினேன். இதுதான் இன்றும் புதன்கிழமைகளில் போகிறது, சின்னச் சின்ன மாற்றங்களோடு:

"அயிரை மீன் குழம்பு. ஜூலை 10, புதன் மதியம். 30 கப் மட்டும்.

காலை 6 மணிக்கு உயிரோடு வாங்கியது. தேங்காய்ப் பாலில் விட்டு, கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசி, ஏழு தண்ணீர் அலசியாச்சு. மண் கடிபடாது. சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய். எண்ணெய் பிரிந்து நிற்கிற கெட்டிப் புளிக்குழம்பு. மீன் சுண்டுவிரலை விடச் சின்னது. தலை, முள்ளோடு முழுசாகச் சாப்பிடுவது.

ஒரு கப் ரூ.220 (மீன் 80 கிராம், ஒருவருக்கு). சாப்பாடு தனி, ரூ.100.
பந்தி 12.30 முதல் 3 வரை. பார்சல் 12 மணியிலிருந்து.
எடுத்துவைக்க 10.30-க்குள் இதே நம்பருக்கு மெசேஜ் போடவும்: பேர், எத்தனை கப், வரும் நேரம். நாங்கள் 'சரி' என்று பதில் போட்டால்தான் உறுதி. 1.30 வரை வைத்திருப்போம்.
தூக்குச்சட்டி கொண்டுவந்தால் கப்புக்கு ரூ.10 குறைவு.
தீர்ந்ததும் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவோம்."

வணக்கத்தை எடுத்ததில்தான் மாமாவுக்கு வருத்தம். மரியாதை இல்லாமல் இருக்கிறது என்றார். போனைக் கையில் வாங்கி, பூட்டிய திரையில் எங்கள் மெசேஜ் எப்படித் தெரிகிறது என்று காட்டினேன். கடைப் பேருக்குக் கீழே முதல் வரி மட்டும்தான் தெரியும். பழைய மெசேஜில் அங்கே தெரிந்தது "இனிய காலை வணக்கம். அன்பார்ந்த". காலையில் அந்த மாதிரி வணக்கம் ஒவ்வொருவருக்கும் பத்து வருகிறது, யாரும் திறப்பதில்லை. இப்போது அதே இடத்தில் "அயிரை மீன் குழம்பு. ஜூலை 10, புதன்" என்று தெரிகிறது. திறக்காதவருக்கும் செய்தி போய்விடுகிறது.

தேதி போட்டதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நான் முதலில் 'இன்று' என்றுதான் எழுதியிருந்தேன். ஒருவர் அதைத் தன் அலுவலகக் குழுவுக்கு அனுப்ப, அங்கிருந்து அது எங்கெங்கோ போய், ஒரு சனிக்கிழமை நான்கு பேர் அதைக் காட்டி அயிரை கேட்டார்கள். அவர்கள் வாசித்த நாளில் 'இன்று' என்பது சனிக்கிழமைதானே. கை மாறிப் போகிற மெசேஜில் இன்று, நாளை என்ற சொற்களுக்கு உயிர் கிடையாது. மாமா அவர்களுக்கு அன்றைய கோழிக் குழம்பை விலை குறைத்துக் கொடுத்துச் சமாளித்தார்.

'30 கப்' என்பதை ஆசை காட்டுவதற்காகப் போடவில்லை. இரண்டரைக் கிலோ மீன் வாங்கினால், கப்புக்கு 80 கிராம் வைத்து, கழுவலில் போவதும் உடைவதும் போக 30 தான் வரும். அதற்கு மேல் என்றால் குழம்பு வரும், மீன் வராது. அந்தக் கணக்கை அத்தை தராசில் வைத்து எனக்குக் காட்டிய பிறகே எண்ணைப் போட்டேன். சில கடைகளில் 'சில பிளேட்டுகள் மட்டுமே மீதம்' என்று காலை எட்டு மணிக்கே போடுகிறார்கள். வாடிக்கையாளர் மூன்று மணிக்கு வந்தும் கிடைத்தால், அடுத்த தடவை அதை நம்புவாரா?

ஆர்டர் வரிகளில்தான் அதிகம் திருத்தினேன், வர்ணனையில் அவ்வளவு இல்லை. முதலில் "முன்பதிவுக்கு அழைக்கவும்" என்றுதான் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் மாமா இலை போடுவதா, போன் எடுப்பதா? எடுக்காத போன்களெல்லாம் போகாத கப்புகள். அதனால் போன் வேண்டாம், மெசேஜ் போதும் என்று மாற்றினோம். உடனே மெசேஜ்கள் இப்படி வந்தன: "2 அயிரை". யார், எப்போது, பார்சலா பந்தியா என்று ஒவ்வொருவரிடமும் திருப்பிக் கேட்டு மாமா ஓய்ந்துபோனார். என்னென்ன எழுத வேண்டும் என்று மூன்று சொல்லில் போட்டோம்: பேர், எத்தனை கப், வரும் நேரம். அதற்குப் பிறகு வருகிற மெசேஜ்கள் பெரும்பாலும் அதே வரிசையில் வருகின்றன. கேட்கிற மாதிரிக் கேட்டால் அந்த மாதிரியே பதில் வருகிறது.

'சரி என்று பதில் போட்டால்தான் உறுதி' என்பதும் ஒரு சண்டையில் பிறந்த வரி. ஒருவர் 11 மணிக்கு மெசேஜ் போட்டிருக்கிறார், மாமா பார்க்கவே இல்லை. அவர் குடும்பத்தோடு வந்து நிற்கிறார், குழம்பு தீர்ந்துவிட்டது. அனுப்பியாச்சு என்கிறார் அவர், பார்க்கலை என்கிறார் மாமா. இரண்டும் உண்மை. '1.30 வரை' என்பது அதற்கு நேர் எதிர்ப் பக்கம். ஆறு கப் எடுத்துவைக்கச் சொன்ன ஒருவர் வரவே இல்லை. மூன்று மணிக்கு அந்த ஆறையும் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்று இரவு எங்கள் எல்லோர் வீட்டிலும் அயிரை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மாமா சாப்பிடவில்லை.

தூக்குச்சட்டி வரி என் சொந்தச் சேர்க்கை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. கொதிக்கிற புளிக்குழம்புக்கு ஒழுகாத டப்பா வாங்கினால் செலவு. பத்து ரூபாய் குறைத்தாலும் கடைக்கு நஷ்டமில்லை. வயசானவர்கள் தூக்கோடு வர ஆரம்பித்தார்கள். சட்டியில் பேர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி வரிசையாக வைத்தால் எடுத்துக் கொடுப்பதும் சுலபமாகிவிட்டது.

இன்னொரு விஷயத்தில் எனக்கே குட்டு விழுந்தது. ஒரு புதன்கிழமை போஸ்டில் 'செக்கு நல்லெண்ணெய்' என்று எழுதினேன். நான் சமையலறையில் நின்ற அன்று செக்கு எண்ணெய் டின்தான் இருந்தது. அந்த வாரம் அது தீர்ந்து, கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்கியிருக்கிறார்கள். சாப்பிட வந்த ஒருவர் கை கழுவப் போகும்போது குப்பைக்கூடையில் பாக்கெட்டைப் பார்த்துவிட்டார். ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே "செக்கு பாக்கெட்டுலயும் வருது போல" என்றார். மாமா முகம் சுருங்கிப்போனது. விவரமாக எழுதுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. 'ருசியான' என்று எழுதினால் யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. 'செக்கு' என்று எழுதினால் குப்பைக்கூடை சாட்சி சொல்லும். அன்றிலிருந்து போஸ்டை இரண்டாகப் பிரித்துவிட்டோம். கீழே இருக்கிற ஆர்டர் விவரம் நிலையானது, விலை மாறினால்தான் மாறும். மேலே இருக்கிற நாலு வரி தினமும் புதிதாக எழுத வேண்டியது. அதுவும் மீன் கடைக்கு வந்து, அத்தை தலையை ஆட்டிய பிறகுதான். முதல் நாள் இரவே எழுதி வைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டோம். மழை நாளில், தண்ணீர் வேகமாக ஓடுகிற நாளில் அயிரை வராமலே போகும்.

அயிரையில் இவ்வளவு சொல்ல இருக்கிறது, சரி. வெள்ளிக்கிழமை மோர்க்குழம்புக்கு என்ன எழுதுவது? இந்தக் கேள்வியில் நான் இரண்டு வாரம் திண்டாடினேன். 'புளிப்பும் காரமும் கலந்த' என்று எழுதினால் உலகத்தில் இருக்கிற மோர்க்குழம்பு எல்லாம் அதுதான். அத்தையிடம் "இதுல என்ன விசேஷம்" என்று கேட்டால் "என்னத்த விசேஷம், மோர்க்கொழம்புதான்" என்பார். சமைக்கிறவர்களிடம் விசேஷம் கேட்கக்கூடாது என்று பிறகுதான் புரிந்தது. அவர்களுக்கு அது தினப்படி வேலை. வேறு மாதிரிக் கேட்டேன்: "அத்தை, நீங்க இல்லாத அன்னைக்கு இத வேற ஆள் வச்சா என்ன தப்புப் பண்ணுவாங்க?" அவ்வளவுதான், மடை திறந்தது. வெண்டைக்காயைக் குழம்பிலேயே போட்டு வேக வைப்பார்கள், வழவழவென்று ஆகிவிடும். அத்தை தனியாக எண்ணெயில் சுருள வதக்கி, இறக்கும்போதுதான் போடுவார். மோரை ஊற்றிவிட்டுக் கொதிக்க விடுவார்கள், திரிந்துவிடும். அத்தை நுரை கட்டி வந்ததும் இறக்கிவிடுவார்.

போஸ்ட் இப்படி வந்தது: "வெண்டைக்காய் மோர்க்குழம்பு. காய் வழவழக்காது, தனியாக எண்ணெயில் வதக்கி, இறக்கும்போது சேர்த்தது. நேற்று உறை ஊற்றிய தயிர், அதிகப் புளிப்பு இல்லை. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் காரக்கறி." இதில் அலங்காரம் ஏதும் இல்லை. ஆனால் வெண்டைக்காய் வழவழப்புக்குப் பயந்து மோர்க்குழம்பு பக்கமே வராத ஆள் ஒருவர் அன்று வந்தார் என்று மாமா சொன்னார். 'தப்பு என்ன பண்ணுவாங்க' என்ற கேள்வியை அதற்குப் பிறகு ரசத்துக்கும் கேட்டேன், கீரைக்கும் கேட்டேன். ஒரு தடவையும் ஏமாற்றியதில்லை.

விற்பனை இரட்டிப்பானது என்றெல்லாம் சொல்லமாட்டேன். 30 கப்தான், முன்பும் பெரும்பாலான நாளில் தீர்ந்துதான் போகும். மாறியது போன். முன்பு புதன்கிழமை காலையில் மாமா கல்லாவில் நின்றபடி "எறநூத்தி இருவது, ஆமா, இருக்கு, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது அட்டையில் புதிய கேள்விகள்தான் ஏறுகின்றன. வண்டி நிறுத்த இடம் இருக்கா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதையும் கீழே ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிராட்காஸ்ட் லிஸ்டில் போடுகிற மெசேஜ், கடை நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகும். பல நாள் எங்களுக்கு இது தெரியாது. இப்போது பில் கொடுக்கும்போதே "நம்பர சேவ் பண்ணிக்கிருங்க, இல்லன்னா ஸ்பெஷல் வராது" என்று மாமா சொல்லிவிடுகிறார்.

போன மாதம் அச்சகத்தில் முகூர்த்த நேர நெருக்கடி. ஒரு புதன்கிழமை என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. பத்து மணிக்குத்தான் போனை எடுத்தேன். மாமாவே ஒரு போஸ்ட் போட்டிருந்தார்:

"கெண்டை மீன் குழம்பு. புதன் 14. அயிரை வரலை. கெண்டை நல்லா வந்துருக்கு, ஆனா முள் ஜாஸ்தி. சின்னப் புள்ளைகளுக்கு வேணாம். அவசரமா சாப்பிடுறவுகளும் வேணாம். 20 கப். ரூ.120."

அதற்குக் கீழே வழக்கமான ஆர்டர் வரிகள். கடைசியில், ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த கும்பிடும் கை ஒன்று.